குழந்தையின் தட்டில் எவ்வளவு? குடும்பச் சமையலிலிருந்து சிறுபிள்ளைக்கு உணவு பிரித்தெடுக்கும் முறை

எங்கள் குழந்தைகள் நலப் புறநோயாளர் பிரிவுக்கு ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை அழைத்து வரும் குடும்பத்தினரிடம், காய்ச்சலுக்கும் சளிக்கும் அடுத்தபடியாக நாங்கள் அதிகம் கேட்கும் முறையீடு ஒன்று உண்டு. “ஒரு பருக்கைகூட உள்ள போகலீங்க டாக்டர்” என்பதே அது. சொல்பவர் பெரும்பாலும் பாட்டியாக இருப்பார். பெற்றோர் இருவரும் ஷிப்ட் முறையில் வேலைக்குச் செல்லும் நமது நகரியத்தில், பகல் முழுவதும் தட்டும் கையுமாகக் குழந்தையின் பின்னே நடப்பவர் அவர்தான். அவருடைய கவலை பொய்யன்று. ஆயினும், குழந்தை எவ்வளவு உண்ண வேண்டும் என்று அவர் மனத்தில் வைத்திருக்கும் அளவும், அக்குழந்தையின் வயிறு கேட்கும் அளவும் பல வேளைகளில் ஒன்றாக இருப்பதில்லை.

அந்த வேறுபாட்டை ஒரு குழந்தையின் கணக்கைக் கொண்டு இங்கே விளக்க விரும்புகிறோம். பல குடும்பங்கள் எங்களிடம் சொல்பவற்றைச் சேர்த்து ஒரு குழந்தையாக இதனை அமைத்திருக்கிறோம். எந்த ஒரு குடும்பத்தையும் இது குறிப்பதன்று.

பெண் குழந்தை, வயது ஒன்று முடிந்து எட்டு மாதம், எடை 10.4 கிலோ. தாய்ப்பால் நிறுத்தப்பட்டுவிட்டது. முதல் பிறந்தநாளில் எடை 8.8 கிலோ. ஆக, எட்டு மாதங்களில் 1.6 கிலோ கூடியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணையில் வைத்துப் பார்த்தால், இவ்வயதுப் பெண் குழந்தைகளின் நடுநிலை எடைக்கு மிக அருகிலேயே இவள் இருக்கிறாள். “சாப்பிடாத” குழந்தை எப்படி இவ்வளவு ஒழுங்காக வளர்ந்தாள்? முதல் நாள் அவள் வாய்க்குள் சென்ற அனைத்தையும், காலை விழித்தது முதல் இரவு உறங்கியது வரை, ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னோம்.

காலை ஆறு மணிக்கு ஒரு டம்ளர் பால். எட்டரை மணிக்கு ஓர் இட்லி, அதுவும் கதை சொல்லி, தொலைக்காட்சி காட்டி, முக்கால் மணி நேரத்தில். பதினோரு மணிக்கு மீண்டும் பால், இரண்டு பிஸ்கட். மதியம் சாம்பார் சோறு நாலைந்து வாய். பிறகு துப்பல், அழுகை. நான்கு மணிக்குப் பால், இரண்டு பிஸ்கட். இரவு ரசம் சோறு இரண்டு வாய். “வெறும் வயிற்றோடு தூங்கக்கூடாதே” என்று படுக்கப்போகும்போது புட்டியில் பால். டம்ளரின் கொள்ளளவு 200 மில்லி. ஆக, பால் மட்டும் 800 மில்லி. ஒவ்வொரு முறையும் ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை.

இப்போது கணக்கு. இந்த வயதில் ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 80 கலோரி தேவை. 10.4 கிலோவுக்கு 830 கலோரி. பாக்கெட்டில் வரும் சமன்படுத்திய பால் 100 மில்லியில் சுமார் 60 கலோரி இருக்கும். 800 மில்லியில் 480. நான்கு தேக்கரண்டிச் சர்க்கரை 80. நான்கு பிஸ்கட் ஏறத்தாழ 100. கூட்டினால் 660. மீதி 170 கலோரியே. ஓர் இட்லியும், சில வாய்ச் சோறும் அந்த மீதியைச் சரியாக நிரப்பிவிட்டன. குழந்தை கணக்கில் தவறவில்லை. தனக்கு வேண்டியதை அவள் எடுத்துக்கொண்டாள். ஆனால் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிட்டாள்.

எடை சரியாக இருப்பதால் இதனை அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. அவளுடைய கீழிமையை இறக்கிப் பார்த்தபோது வெளிறியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.8 கிராம். சுவரில் உதிரும் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்கிறாள் என்று பாட்டி தயக்கத்துடன் சொன்னார். மண், சுண்ணாம்பு, சாம்பல், பலப்பம் ஆகியவற்றைத் தேடித் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் முக்கியமான அடையாளம். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் இரும்புச்சத்தை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கிறது. 800 மில்லி பாலில் அரை மில்லிகிராம்கூடக் கிடைக்காது. பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்து, மற்ற உணவிலிருந்து இரும்பு உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. பால் நல்ல உணவே. ஆனால் அது பருப்புக்கும் கீரைக்கும் முட்டைக்கும் உரிய இடத்தை அடைத்துக்கொண்டால், பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் இரத்தசோகை வரும்.

ஆகவே நாங்கள் முதலில் மாற்றியது சோற்றின் அளவையன்று, பாலின் அளவை. நாளொன்றுக்கு 400 மில்லி, சர்க்கரை சேர்க்காமல், புட்டியை விட்டு டம்ளரில், உணவுக்குப் பிறகு மட்டும். தாய்ப்பால் இன்னும் தொடரும் குழந்தைக்கு இந்த அளவுகூடத் தேவைப்படாது. பாலில் 240 கலோரி போனால் எஞ்சுவது 590. மூன்று வேளை உணவில் வேளைக்கு 150, இடையே இரண்டு சிற்றுண்டியில் தலா 70 என்று அதனைப் பிரித்தால் கணக்கு நேராகிவிடும். எனவே, இந்தக் குழந்தையின் ஒரு வேளை உணவு 150 கலோரி. அது தட்டில் எவ்வளவு என்பதே அடுத்த கேள்வி.

வயதும் அளவும்

பிறந்த குழந்தை முதல் ஆண்டில் ஏறத்தாழ ஆறு கிலோ கூடுகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது இரண்டரைக் கிலோ மட்டுமே. வளர்ச்சியின் வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. பத்து மாதத்தில் ஆவலாக வாய் திறந்த குழந்தை, பதினைந்து மாதத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். கண்ணேறும் அன்று, பல் முளைப்பதும் அன்று. அத்துடன், சிறுபிள்ளையின் இரைப்பை ஒரு கிலோ எடைக்கு ஏறத்தாழ 30 மில்லி மட்டுமே கொள்ளும். நமது குழந்தைக்கு அது 310 மில்லி, அதாவது ஒன்றரை டம்ளர். சோறு, குழம்பு, குடிக்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் தாய்மார்களுக்குக் கற்பிக்கும் அளவு 250 மில்லிக் கிண்ணத்தை அடிப்படையாகக் கொண்டது. ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டாம் மாத முடிவுக்குள் அரைக் கிண்ணம் வரை, நாளில் இரண்டு மூன்று வேளை. ஒன்பது முதல் பதினொரு மாதம் வரை அரைக் கிண்ணம், மூன்று நான்கு வேளை. ஒன்று முதல் இரண்டு வயது வரை முக்கால் கிண்ணம் முதல் முழுக் கிண்ணம் வரை, மூன்று நான்கு வேளை. ஒன்பது மாதத்துக்குப் பிறகு இடையில் ஒன்றிரண்டு சிற்றுண்டியும் சேரும். இரண்டு வயதுக்கு மேல் ஒரு முழுக் கிண்ணம். உணவு முன்னைவிடக் கெட்டியாகவும், வீட்டார் உண்பதைப் போன்றும் இருக்கலாம். காலையுணவில் சொன்னால், ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் ஓர் இட்லி அல்லது ஒன்றரை. இரண்டிலிருந்து மூன்றுக்குள் இரண்டு. பொரியல், கூட்டு, கீரை போன்றவற்றுக்கு வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துத் தொடங்கலாம். மேலும் கேட்டால் மேலும் கொடுங்கள். இது தொடக்கமே தவிர வரம்பன்று.

இந்த அளவுகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக்கூடாது. கிண்ணம் நிறைந்திருப்பது மட்டும் போதாது. அதில் இருப்பது கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு கிராம் உணவில் ஏறத்தாழ ஒரு கலோரியாவது கிடைக்கும் என்று கொண்டுதான் அந்தக் கிண்ணக் கணக்கு அமைந்திருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டிச் சோற்றை அரை டம்ளர் ரசத்தில் கரைத்தால் கிண்ணத்தில் பாதிக்கு மேல் நிரம்பும். கலோரியோ ஐம்பதைத் தாண்டாது. பருப்பை வடித்த தண்ணீரும் அப்படியே. பருப்பு பாத்திரத்தில் நின்றுவிட, அதன் நிறம் மட்டும் குழந்தைக்குப் போகிறது. கரண்டியைச் சாய்த்தால் உடனே வழிந்தோடாமல் சற்று ஒட்டி நிற்கும் பதம் சரியான பதம்.

நமது குழந்தைக்கு மதிய உணவு இப்படி அமையும். நன்கு குழைந்த சோறு அரை டம்ளர்: சுமார் 100 கலோரி. மசித்த கெட்டிப் பருப்பு இரண்டு மேசைக்கரண்டி: 30. வெந்த பரங்கிக்காய் அல்லது காரட் ஒரு மேசைக்கரண்டி: 5. நெய் அரைத் தேக்கரண்டி: 20. மொத்தம் 155. அளவில் பார்த்தால் ஒரு டம்ளரின் முக்கால் பங்கு. இதைக் காட்டியபோது, “இவ்வளவுதானா?” என்று பாட்டி கேட்டார். இவ்வளவுதான். அவர் இதுவரை வைத்துக்கொண்டிருந்தது ஒரு கிண்ணம் நிறைய நீர்த்த சாம்பார் சோறு. அதில் பாதியைக் குழந்தை உண்டு நிறுத்தினால் மீதிப் பாதிக்காக ஒரு மணி நேரப் போராட்டம்.

வகுத்தால் ஏன் தவறுகிறது

அளவு தெரிந்த பின், அதைச் சமைப்பது எப்படி என்பது வருகிறது. குழந்தைக்கென்று தனி அடுப்பு மூட்ட யாருக்கும் நேரமில்லை, தேவையும் இல்லை. முதல் ஷிப்டுக்குச் செல்பவருக்காக விடியுமுன்பே சமையல் முடிந்துவிடும் வீடுகள் இங்கு ஏராளம். வீட்டுச் சமையலே குழந்தைக்கும் உரியது. ஆனால் அதைச் சிறிதாக்கும் முறையில்தான் பிழை நேர்கிறது.

இயல்பாகத் தோன்றுவது வகுத்தல். 60 கிலோ எடையுள்ள பெரியவரின் ஆறில் ஒரு பங்கு எடை குழந்தைக்கு இருக்கிறது. ஆகவே ஆறில் ஒரு பங்கு உணவு என்றால் அது குறைவு. வளரும் உடல் கிலோவுக்கு 80 கலோரி கேட்கிறது. பெரியவருக்கு 30 முதல் 35 வரை போதும். “அரைத் தட்டு” என்றால் அது மிகுதி. ஏனெனில் குழந்தை நாளில் ஐந்து முறை உண்கிறது. பெரியவரின் மதிய உணவு 700 கலோரி என்று கொண்டால், நமது குழந்தையின் 155 அதில் நான்கில் ஒரு பங்குக்கும் ஐந்தில் ஒரு பங்குக்கும் இடையே நிற்கிறது. இந்தப் பங்கு அரிசி, பருப்பு, காய், முட்டை, மீன் ஆகியவற்றுக்கு மட்டும் பொருந்தும். உப்பு, மிளகாய், புளி, சர்க்கரை ஆகியவற்றுக்குப் பொருந்தாது. அவை அந்தப் பங்கைவிட மிகக் குறைய வேண்டும். நெய்க்கும் எண்ணெய்க்கும் தலைகீழ்: சிறிய வயிற்றுக்குள் ஆற்றலைச் செறிவாக அனுப்ப அவையே வழி என்பதால், விகிதத்தைவிடச் சற்றுக் கூடவே இருக்கலாம். கொழுப்பைக் குறைக்க வேண்டும் என்று தமக்குச் சொல்லப்பட்ட அறிவுரையை இரண்டு வயதுக் குழந்தைக்கும் கடைப்பிடிக்கும் பெற்றோரை நாங்கள் அவ்வப்போது காண்கிறோம், அது வேண்டாம்.

சாம்பாரை எடுத்துக்கொள்வோம். நால்வர் உள்ள வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் துவரம்பருப்பு, அதாவது சுமார் 150 கிராம். எலுமிச்சை அளவு புளி. இரண்டரைத் தேக்கரண்டி சாம்பார்ப் பொடி. இரண்டு தேக்கரண்டித் தூள் உப்பு, அதாவது 12 கிராம். கால் கிலோ காய். புளிக்கரைசலும் தண்ணீரும் சேர்ந்து இறக்கும்போது ஒன்றரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு வேண்டிய இரண்டு மேசைக்கரண்டி மசித்த பருப்பு, பச்சையாக இருந்தபோது 10 கிராம். இறக்கிய சாம்பாரிலிருந்து அந்த 10 கிராம் பருப்பை எடுக்க வேண்டுமானால் 100 மில்லி, அரை டம்ளர் சாம்பார், ஊற்ற வேண்டும். அதனுடன் 0.8 கிராம் உப்பு வந்துவிடும், புளியும் காரமும் வந்துவிடும், சோறு நீர்த்துப்போகும். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் சேர்த்து 2 கிராமுக்கு மேல் உப்பு கூடாது என்பது பிரிட்டனின் சுகாதாரத் துறை வகுத்துள்ள வரம்பு. ஒரே வேளையில், ஒரு குழம்பில் மட்டும், அதில் ஐந்தில் இரண்டு பங்கு தீர்ந்துவிடுகிறது. இட்லி மாவு, பிஸ்கட், மாலையில் முறுக்கு ஆகியவற்றின் உப்பு இதற்கு மேல்.

இதே பருப்பைப் புளி ஊற்றும் முன் எடுத்திருந்தால் இரண்டு மேசைக்கரண்டியில் முடிந்திருக்கும். ஆகவே, எவ்வளவு எடுக்கிறோம் என்பதைவிட எந்தக் கட்டத்தில் எடுக்கிறோம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

செய்முறை எளியது. பருப்பை மஞ்சள்தூளும் சில துளி நல்லெண்ணெயும் விட்டு குக்கரில் குழைய வேகவிடுங்கள். பரங்கியோ காரட்டோ இரண்டு மூன்று பெரிய துண்டுகளாக, உப்பில்லாமல், அதே குக்கரின் மேல்தட்டில் வேகட்டும். குக்கரைத் திறந்ததும், மற்றவர்களுக்கான புளிக்கரைசலைத் தொடும் முன்பே, இரண்டு மேசைக்கரண்டிப் பருப்பும் ஒரு மேசைக்கரண்டிக் காயும் சிறு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். சூடான குழைந்த சோற்றுடன் அவற்றைக் கரண்டியின் பின்புறத்தால் மசித்து, நெய் சேர்த்து, ஒரு சிட்டிகைச் சீரகத்தூள் தூவுங்கள். மிக்ஸியில் அரைக்க வேண்டாம். ஒரு வயதுக்கு மேல் குழந்தை மெல்லப் பழக வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு உப்பே சேர்க்க வேண்டாம். அதற்கு மேல், இரு விரலால் எடுக்கும் சிறு சிட்டிகை போதும். கடைசியாக நாலு துளி எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். சுவைக்காக மட்டுமன்று, பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்ச அதன் வைட்டமின் சி உதவுகிறது. பிறகு நீங்கள் வழக்கம்போல் சாம்பாரைத் தொடருங்கள். அதில் ஒரு தேக்கரண்டியைக் குழந்தையின் சோற்றின் மேல் விடுவதில் தவறில்லை. வீட்டின் சுவையை அவள் அறிய வேண்டுமல்லவா? தாளித்த கடுகும் கறிவேப்பிலையும் வற்றல் மிளகாயும் மட்டும் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டு, பொரியல், கீரை மசியல் எல்லாவற்றுக்கும் இவ்வழி பொருந்தும். கடலூர்ப் பக்கத்திலிருந்து வரும் மீனை வாங்கும் வீடுகளில், குழம்பில் போடும் முன் ஒரு துண்டை மஞ்சள் தடவி ஆவியில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி நீக்கிக் கொடுக்கலாம். பிரித்தெடுக்கவே முடியாதவை பிரியாணியும் புளிச்சோறும் போன்றவை. அவை செய்யும் நாளில் குழந்தைக்குத் தனியே ஏதாவது ஒன்று செய்துவிடுவது நல்லது.

அப்படித் தனியே செய்ய வெண்பொங்கல் ஏற்றது. ஒரு வேளைக்குப் பச்சரிசி இரண்டு மேசைக்கரண்டி, பாசிப்பருப்பு ஒன்று. அரிசிக்குப் பாதி பருப்பு என்ற குடும்ப விகிதம் அப்படியே. ஆனால் தண்ணீரை அப்படி வகுக்க முடியாது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நீர் ஆவியாகும் என்பதைப் பாத்திரத்தின் அகலமும் அடுப்பிலிருக்கும் நேரமும் முடிவு செய்கின்றன. அரிசி குறைந்ததால் அது அந்த விகிதத்தில் குறைந்துவிடாது. பெரிய குக்கரின் அடியில் மூன்று கரண்டி அரிசி பருப்பைப் பரப்பினால் அடிப்பிடிப்பதும் இதனால்தான். எனவே சிறு டபராவில் அரிசியும் பருப்பும், அவற்றைப் போல் நான்கு மடங்கு, அதாவது 12 மேசைக்கரண்டித் தண்ணீரும் விட்டு, மூடி, குக்கருக்குள் வீட்டுச் சோற்றின் மேலோ பக்கத்திலோ வைத்துவிடுங்கள். குழைந்து வருவது ஏறத்தாழ ஒரு டம்ளர் இருக்கும். ஒரு தேக்கரண்டி நெய் விட்டால் 170 கலோரி. மிளகையும் சீரகத்தையும் பொடித்துச் சிறிது போடுங்கள். முழு மிளகு வேண்டாம்.

பண்ருட்டி பக்கத்தில் இருப்பதால் நமது வீடுகளில் முந்திரிக்குக் குறைவில்லை. பொங்கலில் வறுத்துப் போட்ட முழு முந்திரி, வேர்க்கடலை, சுண்டல் கடலை ஆகியவை ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளக்கூடியவை. அவற்றைப் பொடித்தோ விழுதாக்கியோ மட்டும் கொடுங்கள். முந்திரிப் பொடியும் ஆற்றலைச் செறிவாகத் தரும். பலாச்சுளையையும் கொட்டை நீக்கிப் பொடியாக நறுக்கித்தான் தர வேண்டும். உண்ணும்போது குழந்தை உட்கார்ந்திருக்கட்டும். ஓடும் குழந்தையின் வாயில் ஊட்டாதீர்கள்.

காலையில் எடுத்து வைத்ததை மதியம் கொடுப்பதிலும் கவனம் தேவை. அதிகாலையில் மசித்து வைத்த பருப்புச் சோறு, நமது வெயிலில் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பருப்பையும் காயையும் மசிக்காமல் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, கொடுக்கும்போது ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்து, அப்போது சோற்றுடன் மசியுங்கள். குழந்தையின் எச்சில் பட்ட மீதியை அடுத்த வேளைக்கு வைக்க வேண்டாம்.

போதுமா என்பதை எப்படி அறிவது

ஒரு வேளையின் தட்டைக் கொண்டு அறிய முடியாது. காலையில் ஒன்றும் தொடாத குழந்தை மாலையில் இரண்டு பங்கு உண்ணும். ஒரு வாரத்தைச் சேர்த்துப் பார்த்தால் சமனாகிவிடும். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பவற்றைப் பெரியவர் முடிவு செய்ய வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தைக்கு விட்டுவிட வேண்டும். இரண்டு வேளைகளுக்கிடையே இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். பாதி உண்டு முகத்தைத் திருப்பினால் அது மறுப்பன்று; வயிறு நிறைந்தது என்ற செய்தி.

நம்பத்தக்க அளவுகோல் எடைதான். 1980-இல் தமிழகத்தில் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு முதல் முப்பத்தாறு மாதம் வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, வளர்ச்சி தளர்ந்தவர்களை மட்டும் தேர்ந்து கூடுதல் உணவு கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே அளவு என்றில்லாமல் எடைக்கோட்டைப் பார்த்து உணவை முடிவு செய்த அந்த முறையை, வீட்டிலும் பின்பற்றலாம். இரண்டாம் வயதில் மாதத்துக்குச் சராசரியாக 200 கிராம் கூடும். அங்கன்வாடியிலோ எங்கள் பிரிவிலோ மாதம் ஒரு முறை, ஒரே தராசில், குறைந்த உடையுடன் எடைபோட்டுக் குழந்தையின் அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கூடாவிட்டால் அஞ்ச வேண்டாம். சளிக் காய்ச்சல் வந்துபோனாலே அப்படி ஆகும். அடுத்தடுத்து இரண்டு முறை கூடாவிட்டாலோ, எடை குறைந்தாலோ அழைத்து வாருங்கள். வெளிறிய முகம், மண் தின்னும் பழக்கம், விளையாட்டில் சோர்வு, விழுங்கும்போது புரையேறுதல், அடிக்கடி வாந்தி, நாட்பட்ட வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் எது இருந்தாலும் எடைக்காகக் காத்திராமல் வர வேண்டும். குறைமாதத்தில் பிறந்தவர்கள், இதயம் அல்லது சிறுநீரக நோயுள்ளவர்கள், நீரிழிவுக்கு இன்சுலின் எடுக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு மேற்கண்ட அளவுகள் பொருந்தா. அவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் உணவுமுறையே உரியது.

பாலைக் குறைத்த முதல் மூன்று நான்கு நாள்கள் கடினமானவை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். குழந்தை அழும்; இரவில் புட்டியைக் கேட்கும்; பாட்டியின் மனம் இளகும். பெரும்பாலான வீடுகளில் ஒன்றிரண்டு வாரத்தில் பசி உணவு வேளைக்கு நகர்ந்துவிடுகிறது. நமது குழந்தைக்கு உணவு மாற்றம் மட்டும் போதாது. இரத்தசோகை ஏற்கெனவே வந்துவிட்டதால் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தும் வேண்டும். அதன் அளவு எடையைப் பொறுத்தது. நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். அதைப் பாலுடன் கொடுக்கக்கூடாது. உணவுக்கு இடைப்பட்ட நேரத்தில் கொடுத்து, பின் வாயைத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள். மலம் கருமையாகப் போவது மருந்தினால்தான். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லையென்றால் வேறு காரணத்தைத் தேடுவோம். உயர்ந்த பின்னரும், உடலின் இருப்பு நிரம்பும்வரை இன்னும் இரண்டு மூன்று மாதங்கள் மருந்து தொடரும். எனவே, முகம் தெளிந்துவிட்டது என்று நடுவில் நிறுத்திவிடாமல், மறுபரிசோதனைக்கு வரும் நாளில் எடை அட்டையையும், முதல் நாள் குழந்தை உண்டதையும் குடித்ததையும் எழுதிய ஒரு தாளையும் கொண்டு வாருங்கள்.